'லைட் ட்யூட்டி' என்று எழுதிய ஒரு சீட்டு

கேரளத்தின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கி வார்க்கும் ஏதாவது ஒரு ஃபவுண்டரியின் பெர்சனல் பிரிவில் வேலை பார்த்தால், ஒரு காகிதம் திரும்பத் திரும்பக் கைக்கு வரும். நீண்ட நாள் நோயில் கிடந்து எழுந்த தொழிலாளி ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வரும் சீட்டு அது. பெயர், நோய், தேதி எழுதி, கீழே 'லைட் ட்யூட்டி தரவும்' என்று ஒரு வரி இருக்கும். டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். அந்த ஒரு வரியால் வேலை போனவர்களை எனக்குத் தெரியும்.

சீட்டு மேனேஜரிடம் போகும். "நம்ம ஃபவுண்டரில லைட் ட்யூட்டி எங்க இருக்கு? எல்லாமே ஹெவிதான். முழுசா குணமாகி ஃபிட்னஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. எங்கள் பணியிடப் பட்டியலில் 'லைட் ட்யூட்டி' என்று ஒரு பதவி கிடையாது. தொழிலாளி வீட்டுக்குப் போவார். சிறுநீரகமோ இதயமோ முழுசாகக் குணமாகும் சங்கதி இல்லை என்பதால் அந்த ஃபிட்னஸ் சீட்டு வரவே வராது. சில மாதம் கழித்து வருகைக் குறைவு என்று நோட்டீஸ் போகும், இல்லாவிட்டால் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிப்பார். யாரும் யாரையும் வேலையை விட்டு நீக்கியதாக எந்தக் காகிதத்திலும் இருக்காது.

நான் எழுத வந்தது இதே மாதிரி சீட்டோடு வந்து, வேறு விதமாக முடிந்த ஒருவருடைய விஷயம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் வேலந்தாவளம் பக்கத்துக்காரர், தமிழ் மீடியத்தில் படித்தவர். எங்கள் ஃபவுண்டரியில் மெல்ட்டர், அதாவது ஃபர்னஸைப் பார்த்துக்கொள்ளும் ஆள். வெளியாட்களுக்கு அந்த வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் ஸ்கிராப் இரும்பைப் போட்டு உருக்குவது, மேலே மிதக்கும் கசடை நீளக் கம்பியால் வழித்து எடுப்பது, சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவது, சரியான சூட்டில் உலையைச் சாய்த்து, உருகிய இரும்பை ஏந்தும் லேடிலில் ஊற்றுவது. உருகிய இரும்பு 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும். பாலக்காட்டுக் கோடையில், தகரக் கூரைக்கு அடியில், தோல் கையுறையும் கைக்கவசமும் போட்டுக்கொண்டு செய்யும் வேலை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கேரளத் தொழிலாளர் துறை கோடையில் நண்பகல் ஓய்வு அறிவிக்கும். அந்த உத்தரவு உலைக்கு முன்னால் நிற்பவர்கள் வரைக்கும் வருவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அவருக்கு ரத்தக்கொதிப்பு பல வருடமாக இருந்து, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. இடது முன்கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள்: ஒரு தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்து, டயாலிசிஸ் ஊசி போடத் தோதாக ரத்தக் குழாயைப் பெரிதாக்குவது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சீட்டில் வழக்கம்போல 'லைட் ட்யூட்டி'.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'நியாயமான ஏற்பாடு' என்றால் என்ன என்று அதில் ஒரு வரையறை உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையை அனுபவிக்கத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட சூழலில் அது அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. கடமையும் எல்லையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று இன்னொரு வரையறை சொல்கிறது.

சிக்கல் அடுத்ததில் இருந்தது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. நீண்ட நாள் நோய் என்று பார்த்தால் பார்க்கின்சன்ஸ், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை இருக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அதனால் அவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழோ அடையாள அட்டையோ கிடைக்காது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் அதோடு விஷயம் முடிந்தது என்றே சொன்னார்: "லிஸ்ட்ல இல்லைன்னா சட்டமும் இல்லை மேடம்."

அப்படி முடியவில்லை. சட்டம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. இட ஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்கு அட்டவணையில் இடமும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடும் வேண்டும். ஆனால் 'மாற்றுத்திறனாளி' யார் என்ற பொது வரையறையில் அட்டவணையும் இல்லை, சதவீதமும் இல்லை. நீண்டகாலக் குறைபாடு இருந்து, அது வெளியிலிருக்கும் தடைகளோடு சேர்ந்து ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்தால் போதும். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், யு.பி.எஸ்.சி தேர்வில் எழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான ஏற்பாட்டை அந்த அளவுகோலுக்குள் அடைக்க முடியாது, ஆளுக்கு ஆள் தேவையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். அது டயாலிசிஸ் வழக்கு இல்லை. ஆனாலும் 'லிஸ்டில் இல்லை' என்ற ஒற்றைப் பதிலோடு கோப்பை மூட முடியாது என்று சொல்ல எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கக் கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் அவருக்கென்று கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைக்க வேண்டும் என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். இதே கஞ்சிக்கோட்டில் மத்திய அரசின் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலை பார்ப்பவருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, இந்தப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. தனியார் நிறுவனத்துக்கு இருப்பது பாகுபாடு காட்டக் கூடாது என்ற பொதுக் கடமையும், சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டிய பொறுப்பும்தான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அந்தக் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதிகளில் விவரமாகவே இருக்கிறது. எங்கள் கம்பெனியிலும் அது இருந்தது. இணையத்தில் கிடைத்த மாதிரியை எடுத்துப் பெயர் மாற்றிப் போட்டது. மெல்ட்டர் என்ற சொல்லோ ஃபர்னஸ் என்ற சொல்லோ அதில் எங்கும் கிடையாது.

சரி, சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போய் என்ன செய்வது? 'ஃபிட்டா, இல்லையா' என்ற கேள்வியை விட்டால்தான் வழி பிறக்கும் என்பது என் அனுபவம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் டாக்டரிடம் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். மூன்று ஷிஃப்டில் ஒரு மெல்ட்டர் என்னென்ன செய்கிறார் என்று சூப்பர்வைசரோடும் அவரோடும் உட்கார்ந்து எழுதினோம். எத்தனை கிலோ தூக்குகிறார், எந்தக் கையால், உலைக்கு எத்தனை அடி தூரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், உயரத்தில் ஏறுகிறாரா, தனியாக இருக்கும் நேரம் உண்டா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், கையில் என்ன கவசம் போடுகிறார். ஒரு பக்கத்துக்கு வந்தது. எதிரே காலிக் கட்டங்கள் விட்டு, நெஃப்ராலஜி டாக்டரிடம் கொடுத்தனுப்பினோம். நோயைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய கிரியேட்டினின் எவ்வளவு என்பது கம்பெனிக்குத் தேவையில்லாத விஷயம்.

'லைட் ட்யூட்டி' என்று ஒற்றை வரி எழுதிய அதே டாக்டர், இந்தத் தாளில் கட்டம் கட்டமாக எழுதி அனுப்பினார். அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு அவருடைய நிலைமை புரிந்தது.

முதலில் தண்ணீர். உலை முன்னால் நிற்பவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பாதுகாப்பு விதி. கோடையில் கம்பெனி செலவிலேயே மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ் எல்லாம் கொடுப்போம். சிறுநீர் வெளியேறாத உடம்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரையே அளந்து வைத்திருக்கிறார்கள். குடிப்பது அதிகமானால் அடுத்த டயாலிசிஸ் வரை அது உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இளநீரிலும் ஓ.ஆர்.எஸ்ஸிலும் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மற்ற எல்லாருக்கும் அக்கறையோடு நாங்கள் நீட்டும் அந்த டம்ளர் இவருக்கு ஆபத்து. இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் டயாலிசிஸ் ஆரம்பித்து, சீட்டு வாங்கி வருவதற்கு முன்னால், அவர் சில நாள் ஃபர்னஸிலேயே வேலை பார்த்திருக்கிறார். "எல்லாரும் குடிக்கறப்ப வேண்டாம்னா ஒரு மாதிரி பாப்பாங்கன்னு நானும் வாங்கிக் குடிச்சனுங்க மேடம்" என்றார்.

அடுத்து இடது கை. ஃபிஸ்டுலா இருக்கும் கையால் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார் டாக்டர். ஃபர்னஸ் ஆட்கள் போடும் கைக்கவசத்தில் மணிக்கட்டிலும் முழங்கைக்குக் கீழேயும் எலாஸ்டிக் இருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் ஃபிஸ்டுலாவும் இருந்தது. அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அந்த வழியே போய்விடும், திரும்பவும் அறுவை. அதில் விரலை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவர் என் மேசை முன்னால் உட்கார்ந்து அந்தக் கையை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது, டயாலிசிஸ் நாள். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அதனால் முடிந்த சில மணி நேரத்துக்குச் சின்ன வெட்டுக் காயம்கூட நிற்காமல் ரத்தம் கசியலாம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆகவே காலையில் டயாலிசிஸ் செய்துவிட்டு மதியம் ஷிஃப்டுக்கு வரும் ஏற்பாடு கூடாது. வேலை முடித்துவிட்டு மாலையில் போகலாம். 'ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தால் போதுமே' என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இவ்வளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மெல்ட்டர் வேலையை அவரால் செய்ய முடியாது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்கிராப் போடுவது, கசடு எடுப்பது, ஊற்றுவது எல்லாமே சூடும் கனமும்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சாம்பிள் எடுப்பதும் புத்தகத்தில் எழுதுவதும். அந்த மிச்சத்துக்கு மெல்ட்டர் என்று பெயர் வைத்து, நிஜ வேலைக்கு இன்னொருவரைப் போடச் சொல்லி எந்த நிறுவனத்தையும் சட்டம் கட்டாயப்படுத்துவதாக எனக்குத் தெரியவில்லை, கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. உருகிய இரும்புக்கு முன்னால் ஒருவர் தலை சுற்றி விழுந்தால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை. அந்தப் பதவியைப் பொறுத்தவரை கடமை அங்கே முடிகிறது. ஆனால் ஒரு பதவி முடிந்த இடத்தில் வேலை உறவே முடிந்துவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் முக்கால்வாசி வேலைகள் போகின்றன.

ஸ்டோர்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது. இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், புது ஆள் எடுப்பதாகப் பேச்சு. அந்த வேலையையும் அதே மாதிரி தாளில் பிரித்தோம். எலக்ட்ரோடு, பேரிங், கையுறை, கெமிக்கல் டப்பா எல்லாவற்றையும் கணக்கு வைத்து, இண்டென்ட் வந்தால் எடுத்துக் கொடுத்து, கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். கனமான சாமான்கள் மேல் தட்டிலும் தரையிலும் கிடந்தன. அவற்றை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றி, ஒரு தள்ளுவண்டி வாங்கி, பெரிய டிரம்களை இறக்குவது லோடிங் ஆட்கள் பொறுப்பு என்று எழுதினோம். ஷெட்டுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். செலவு என்று பார்த்தால் இவ்வளவுதான். கஷ்டமாக இருந்தது கம்ப்யூட்டர். சாமான்கள் அவருக்குக் கையில் எடுத்தாலே தெரியும். ஸ்கிரீனில் அதே சாமான் ஆங்கிலக் குறியீடாக இருந்தது. பழைய ஸ்டோர் கீப்பரையே சில வாரம் கூப்பிட்டுச் சொல்லித் தரச் செய்தோம். பயிற்சியும் ஏற்பாட்டில் ஒரு பகுதிதான் என்று மேனேஜ்மென்டை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது.

நேரம்: நிரந்தரமாகக் காலை ஆறு முதல் இரண்டு. டயாலிசிஸ் மாலை நான்கு மணி ஸ்லாட். அந்த ஸ்லாட் கிடைப்பது எங்கள் கையில் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கேட்டுக் காத்திருந்து வாங்கினார். அதுவரை டயாலிசிஸ் நாட்களில் லீவு.

சம்பளத்தில்தான் முட்டியது. அடிப்படைச் சம்பளமும் சர்வீஸும் அப்படியே தொடரும் என்றோம். ஃபர்னஸ் அலவன்ஸும் நைட் அலவன்ஸும் போயின. அது ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை, அதுவும் மருந்துச் செலவு ஏறிய நேரத்தில். அரசு நிறுவனமாக இருந்தால் சம்பள விகிதத்தைக் குறைக்க முடியாது. இங்கே அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. உலைச் சூட்டுக்குக் கொடுக்கும் அலவன்ஸை உலையில் இல்லாதவருக்குக் கொடுக்கச் சொல்லி என்னால் வாதாட முடியவில்லை. யூனியன் செக்ரட்டரி பேசி, ஆறு மாதத்துக்குப் பாதி அலவன்ஸ் என்று முடித்தார். அது சட்டத்தால் கிடைத்தது இல்லை, பேச்சுவார்த்தையில் கிடைத்தது.

யூனியன் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நிறக்குருடு என்று சொல்லி அவரை மருத்துவக் காரணத்தில் அனுப்பிவிட்டார்கள். நிறக்குருடும் அந்த 21-இல் இல்லை. ஆனாலும் வேறு வேலை இருக்கிறதா என்று உண்மையாகத் தேடிப் பார்க்காமல் அனுப்பியது தவறு என்று சொல்லி அவரை மீண்டும் வேலையில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். அவருக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, 1979-இல் தொழிற்சங்கமும் நிர்வாகமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. நிறக்குருடான ஓட்டுநருக்கு மாற்று வேலை தருவதாக அதில் எழுதியிருந்தது. எப்போதோ யாரோ கேட்டு வாங்கி எழுதி வைத்த ஒரு வரி. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் அப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எங்கள் யூனியன்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கூட வேலை செய்கிறவர்களுக்கும் குறை இருந்தது, நியாயமான குறை. மூன்று மெல்ட்டர்கள் ஷிஃப்ட் மாறி மாறி வந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட். ஒருவர் விலகியதும் மற்ற இருவருக்கும் வாரம் விட்டு வாரம் நைட் வந்தது. "அவருக்கு உடம்பு சரியில்லைன்னா நாங்க தூங்கக் கூடாதா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். இதைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஒருவருக்குச் செய்யும் ஏற்பாட்டின் சுமையைச் சத்தமில்லாமல் இன்னொரு தொழிலாளியின் தலையில் வைப்பது நிறுவனம் தன் கடமையை அவரிடம் தள்ளிவிடுவதுதான். ஹெல்பர் ஒருவரை மெல்ட்டராக உயர்த்தி, அவர் தனியாக உலையைப் பார்க்கும் வரை நைட் அலவன்ஸை ஏற்றிக் கொடுத்தோம். ஏற்பாட்டுக்கு நிஜமாக ஆன செலவு அதுதான். தள்ளுவண்டியை விட அது பல மடங்கு. அளவுக்கு மீறிய சுமையா என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த மாதிரிச் செலவையும் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தும் எங்கள் அளவுள்ள ஃபவுண்டரிக்கு அது தாங்கக் கூடியதாகவே இருந்தது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஸ்டோர்ஸே இருந்திருக்காது, விலக்கி வைக்க மூன்றாவது மெல்ட்டரும் இருந்திருக்க மாட்டார். அங்கே இதே ஆளுக்கு இதே பதிலைச் சொல்ல முடியாது. எவ்வளவு செலவானால் அளவு மீறியது என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது, அந்தந்தச் சூழலைப் பார்க்கச் சொல்கிறது.

எனக்கு இன்னமும் கடினமாகத் தெரிவது திட்டமிட முடியாத லீவு. டயாலிசிஸ் ஒரு வகையில் கருணையுள்ளது: திங்கள், புதன், வெள்ளி என்று முன்கூட்டியே தெரியும். வாதநோயோ அரிவாள் செல் வலியோ அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இவருக்கும் இடையில் ஒரு தொற்று வந்து காய்ச்சலில் படுத்து, பல வாரம் வர முடியவில்லை. அப்போதுதான் ஈ.எஸ்.ஐ கைகொடுத்தது. சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அந்தக் காப்பீடு உண்டு. நோய்க்காலத்தில் ஓராண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்ட நாள் நோய்களின் பட்டியல் ஒன்று ஈ.எஸ்.ஐயிடம் தனியாக இருக்கிறது. அதில் இருந்து, சந்தா நிபந்தனையும் நிறைவேறினால் 80 சதவீதமாக, இரண்டு ஆண்டு வரை நீட்டலாம். மாற்றுத்திறனாளிச் சட்டத்தின் அட்டவணையில் இல்லாத சிறுநீரகச் செயலிழப்பு இந்தப் பட்டியலில் இருக்கிறது. நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவில் வைத்தார்கள். ஒரே நாட்டில் இன்னொரு பக்கம், 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம், தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை அனுப்புவதை ஆட்குறைப்புக் கணக்கிலேயே சேர்க்காமல் வைத்திருந்தது. அதாவது ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரும் வரை இந்த இரண்டு சட்டங்களும்தான் நடைமுறையில் இருந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல குடும்பங்கள் நசுங்கியிருக்கின்றன.

எவ்வளவு நாள் இடத்தைப் பிடித்து வைப்பது? வரம்பில்லாமல் வைக்க முடியாது. செய்யாத வேலைக்குக் கம்பெனி சம்பளம் தர வேண்டியதும் இல்லை, ஈ.எஸ்.ஐ இருப்பதே அதற்காகத்தான். நாங்கள் செய்தது, ஸ்டோர்ஸ் உத்தரவிலேயே மறுபார்வைத் தேதி ஒன்றை எழுதி வைத்தது. அந்தத் தேதியில் அதே தாளைத் திரும்ப எடுத்து டாக்டரிடம் அனுப்புவோம். வேலை மாறியிருக்கிறதா, உடம்பு மாறியிருக்கிறதா, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் என்ன என்று அப்போது பார்ப்போம். தேதி எழுதாத ஏற்பாடு மேனேஜர் மாறும் நாளோடு முடிந்துவிடும். புது மேனேஜர் வருவார், 'இவர் ஏன் எப்பவும் காலை ஷிஃப்ட்?' என்பார். பதில் சொல்லக் காகிதம் இருக்காது.

ஓர் இடத்தில் நேர்மையாகத் தேடினார்களா, ஒப்புக்குச் செய்தார்களா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. டாக்டரிடம் கேட்ட கேள்வி 'ஃபிட்டா' என்ற ஒன்றுதானா? காலியிடங்களைப் பார்த்ததாகச் சொன்னால், எந்தெந்த இடம், எந்தக் காரணத்தால் ஒத்துவரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்களா? சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுப் பேசினார்களா? 'செலவாகும்' என்றவர்கள் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜினாமாக் கடிதம் யார் கையெழுத்தில் இருக்கிறது, யார் வாசகத்தில் இருக்கிறது? பத்தாம் வகுப்பு தமிழில் படித்தவர் ஆங்கிலத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒரு புகார் எழுதலாம். தமிழ்நாட்டுப் பக்கம் குடியிருந்தாலும் கம்பெனி கேரளத்தில் இருந்தால் கேரள ஆணையர்தான். அவர் சம்மன் அனுப்பி விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம். பரிந்துரைக்கு மூன்று மாதத்துக்குள் பதில் வர வேண்டும். தீர்ப்பு மாதிரி அது கட்டிப்போடாது. சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரை. ஒரு ஃபவுண்டரிக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் ஆணையர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதுவரை வாயால் சொன்ன காரணங்களைக் காகிதத்தில் எழுத வேண்டிவரும். அங்கே பல நிர்வாகங்கள் இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவர் இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறார். அவர் விட்ட இடத்துக்கு ஹெல்பர் உயர்ந்ததும், ஹெல்பர் இடத்துக்குக் கான்ட்ராக்டர் மூலம் ஒருவர் வந்தார். வாளையாறு தாண்டி தினமும் பஸ்ஸில் வரும் பையன். அவனுக்கு வலிப்பு உண்டு என்று போன மாதம் கான்ட்ராக்டருக்குத் தெரிந்தது. எங்களிடம் எந்தக் காகிதமும் வரவில்லை. அடுத்த நாள் கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். உலை முன்னால் அவன் நிற்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பேக்கிங்கில் நிற்கலாமா என்று கேட்கக்கூட அவனுக்கு ஒரு டாக்டர் தாள் போகவில்லை. லேபர் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அந்த ஒரு பக்கத் தாளையும், பதில் வரும் வரை பாஸை நிறுத்தக் கூடாது என்ற ஷரத்தையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கான்ட்ராக்டர் ஆட்கள் அவர் பொறுப்பு, நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அக்கவுண்ட்ஸ் கேட்டிருக்கிறது. பையனின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் அவன் காட்டும் நியூராலஜி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி, பேக்கிங் வேலைக்கான தாளை இந்த வாரம் அவனுக்கு அனுப்புகிறேன்.